கொண்டி விழும் நேரம்

நேயர்களுக்கு வணக்கம். மும்பையில் படங்களுக்கு ஒலி அமைப்பவன் என்ற முறையில் என்னை இங்கே பேச அழைத்திருக்கிறார்கள். ஒலியமைப்பைப் பற்றிப் பொதுவாகப் பேசாமல், ஒரு குறும்படத்தின் உச்சக்காட்சியில் வரும் சில விநாடிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

தாராவித் தமிழ் இளைஞர்கள் சிலர் சேர்ந்து எடுத்த படம் அது. ஒற்றை அறை வீட்டில் ஒரு தாய் அடுப்பருகே நிற்கிறாள். வாசல் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அப்போது யாரோ வெளியிலிருந்து கதவின் கொண்டியைப் போடுகிறார்கள். போட்டது அவளுடைய மகன்தான் என்பது அவளுக்கும் நமக்கும் அந்தக் கணத்தில் புரியவேண்டும். திரையில் இருப்பது அவள் முகம் மட்டுமே என்பதால், கதையின் திருப்பம் முழுவதையும் காதுதான் வாங்கிக்கொள்ள வேண்டும். இயக்குநரான தம்பி முதலில் அந்த இடத்தில் பெரிய வாத்திய முழக்கம் ஒன்றை வைத்திருந்தார். முழக்கத்தில் கொண்டி கேட்கவே இல்லை. அதை எடுத்துவிட்டு மூன்றே பொருள்களை வைத்துக்கொண்டோம்: ஒரு மௌனம், கொண்டியின் ஒரு தட்டு, அதற்குப் பின் திடீரென எழும் ஓர் அடித்தொனி.

மூன்றில் அதிக வேலை வாங்கியது மௌனம்தான். ஏதோ ஒன்று ஒலித்துக்கொண்டிருந்து நின்றால்தான் மௌனம் என்பது காதுக்குத் தெரியும். ஆகவே காட்சியின் தொடக்கத்திலேயே பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சித் தொடர், மின்விசிறியின் சுழற்சி, அடுப்பின் சீறல், தொலைவில் லோக்கல் ரயில் என்று நான்கு ஒலிகளைப் பரப்பி வைத்தோம். பிறகு ரயில் கடந்துபோகிறது, தொடர் முடிகிறது, விசிறியின் ஒலியை, யாரும் கவனிக்காதபடி, பத்து விநாடிகளில் மெல்லத் தேய்த்துவிட்டோம். கடைசியில் மிஞ்சுவது அடுப்பு. அதை அவளே கைநீட்டி அணைக்கிறாள். மௌனத்துக்குக் கதைக்குள்ளேயே ஒரு காரணம் கிடைத்துவிட்டதால், ஒலியமைப்பாளன் கைவைத்தான் என்ற எண்ணம் யாருக்கும் வராது. அடுப்பின் குமிழ் திரும்பும்போது வரும் ‘டக்’ ஒலியை மட்டும் அடக்கிவிட்டேன். அது கேட்டுவிட்டால் இரண்டு விநாடி கழித்து வரும் கொண்டி இரண்டாவது தட்டாகி, பாதி வலுவை இழந்துவிடும்.

இங்கே புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்று உண்டு. மௌனம் என்றால் ஒலித்தடத்தை அடியோடு பூச்சியமாக்குவது என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அரங்கில் இருப்பவர் அறையின் அமைதியை உணர்வதில்லை. இயந்திரம் நின்றுவிட்டது என்று நினைத்துத் தலையைத் திருப்புகிறார். ஆகவே படம் எடுத்த அதே அறையில், எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, பின்னிரவில் ஒரு நிமிடம் வெறும் அறையைப் பதிவு செய்தோம். இதை நாங்கள் ரூம் டோன் என்போம். பேச்சொலியை விட மிகத் தாழ்ந்த அளவில் அதை மௌனத்தின் அடியில் விரித்தால், ஆளில்லாத இடமும் ஓர் இடமாக நிற்கும்.

அடுத்தது கொண்டி. நிஜக் கொண்டியைப் பதிவு செய்து கேட்டபோது, முதலில் இரும்பு உரசும் ஒலி, பிறகு தட்டு, பிறகு கொண்டி லேசாக ஆடி அடங்கும் ஒலி என்று மூன்று பகுதிகள் இருந்தன. உரசல், வரப்போவதை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது, அதை வெட்டினேன். தட்டு மட்டும் மின்னல் வெட்டுப் போல் தொடங்கவேண்டும். மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பது விநாடிக்கு 2,000 முதல் 5,000 வரை அதிர்வுகள் உள்ள பகுதியில். இரும்புத் தட்டின் உயிர் பெரும்பாலும் அங்கேயே இருப்பதால், அதைப் பெரிதாக ஏற்றவேண்டிய தேவை வரவில்லை. மாறாக, அதன் அடிப்பகுதியில் இருந்த கனத்தைச் சீவி எடுத்தேன். கனம் அடுத்து வரும் தொனிக்கு உரியது.

அந்தத் தொனியை எப்போது தொடங்குவது என்பதில்தான் எங்களுக்குள் வாதம் நடந்தது. தட்டோடு ஒட்டி வைத்தபோது இரண்டும் கலந்து ஒரே ‘தடாம்’ ஆகிவிட்டன. தாழ்ந்த ஒலி தனக்கு மேலுள்ள ஒலிகளை மறைக்கும் இயல்புடையது என்பதால், கொண்டி என்று அடையாளம் காணவே முடியவில்லை. ஒரு விநாடி தள்ளி வைத்தால், கதைக்கு வெளியே நின்று யாரோ விளக்கம் சொல்வது போல் இருந்தது. விநாடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் படத்தில் பத்து ஃப்ரேம், அதாவது அரை விநாடிக்கும் சற்றுக் குறைவான இடைவெளி, பொருந்தி வந்தது. ‘கொண்டி’ என்று மனம் பெயர் சொல்லி முடிக்கும் நேரம் அது.

தொனிக்கு விநாடிக்கு 40 அதிர்வும் 43 அதிர்வும் உள்ள இரண்டு ஒலிகளைச் சேர்த்தேன். அவற்றின் வேறுபாடான மூன்று, விநாடிக்கு மூன்று துடிப்புகளாக வெளிப்பட்டு, நெஞ்சுப் படபடப்பைப் போல் கேட்கும். 40 அதிர்வுத் தொனியின் ஒரு சுற்றுக்கே விநாடியில் நாற்பதில் ஒரு பங்கு பிடிக்கும் என்பதால், அதைக் கத்தியைப் போல் தொடங்க முயல்வது வீண். தொடக்கத்தில் ஒரு சொடுக்குச் சத்தம்தான் மிஞ்சும். ஒரு சுற்றின் அளவுக்கு ஏற விட்டாலே திடீரென்று வந்ததாகத் தோன்றும்.

இதில் நான் பட்ட அடியையும் சொல்லவேண்டும். நான் கலவை செய்த அறையின் நீளம் 14 அடி. 40 அதிர்வு ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 28 அடி; அறை அதில் சரிபாதி. அப்படிப்பட்ட அறையில் சுவர்களுக்கு இடையே அலை மோதித் திரும்பி, நடுவில் அந்த ஒலி ஏறக்குறைய அழிந்துபோகிறது. நான் உட்கார்ந்திருந்தது நடுவில். தொனி போதவில்லை என்று ஒன்பது டெசிபெல் ஏற்றினேன். திரையிட்ட அரங்கில் பக்கக் கதவின் தகடு கடகடவென்று ஆடியது. தாயின் முகத்தைப் பார்க்கவேண்டியவர்கள் கதவைப் பார்த்தார்கள். ஒன்றே ஒன்று என்று காத்து வைத்த கூரிய ஒலிக்குப் போட்டியாகத் தகடு வந்து சேர்ந்தது. இப்போதெல்லாம் அடித்தொனியை ஓடவிட்டு, நாற்காலியை விட்டு எழுந்து பின்சுவர் வரை நடந்து பார்ப்பேன். சுவரருகே உறுமி நடுவில் காணாமல் போனால், குறை அறையினுடையது, அளவில் கைவைப்பதில்லை.

அதே படம் கைப்பேசிக்குப் போனபோது நேர்மாறான சிக்கல் வந்தது. அடித்தொனியை அரங்கின் தனித் தாழ்வொலித் தடத்தில் மட்டும் வைத்திருந்தேன். இரண்டு தட வடிவத்துக்கு மாற்றும்போது அந்தத் தடம் பெரும்பாலும் கைவிடப்படும். தடம் தப்பினாலும் விரல் நகம் அளவுள்ள ஒலிபெருக்கியால் 40 அதிர்வைத் தர இயலாது. ஆகவே தொனியின் மடங்குகளான 200, 240, 280 அதிர்வுகளை மெலிதாகச் சேர்த்தேன். அடிப்படை ஒலி இல்லாவிட்டாலும் மடங்குகளைக் கேட்டு மூளை அதை ஊகித்துக்கொள்ளும். முழு வலு வராது. இடம் வெறுமையாகவும் இராது.

வானொலியில் இந்த உத்திக்கு இன்னொரு தடை உண்டு. ஒலி தாழும்போது தானாக ஏற்றிக்கொடுக்கும் கருவி ஒலிபரப்பில் இருப்பது வழக்கம். நீண்ட மௌனம் விட்டால் அடியில் விரித்த ரூம் டோன் மூச்சு வாங்குவது போல் மேலெழும்; மேலும் நீண்டால் ஒலிபரப்பு அறுந்துவிட்டது என்று நிலையத்தில் எச்சரிக்கை மணி அடிக்கும். அதனால் இன்றைய உரைக்காகப் படத்தின் இரண்டு விநாடி மௌனத்தை ஒரு விநாடியாகக் குறைத்துக் கொண்டுவந்திருக்கிறேன். அடுப்பு அணைவதிலிருந்து கேளுங்கள். இயர்போன் வைத்திருப்பவர்கள் மாட்டிக்கொள்ளலாம்.

(ஒலித்துண்டு: அடுப்பின் சீறல் அணைகிறது. ஒரு விநாடி மௌனம். கொண்டி. அடித்தொனி எழுந்து, நான்கு விநாடிகளில் தேய்கிறது.)

வணக்கம்.