61,000 பார்வையும் 6,200 பார்வையும்: எது உண்மையில் விதிவிலக்கு?

[திரையில்: விடியற்காலை, காசிமேடு மீன்பிடித் துறைமுகம். ஏலக்காரரைச் சுற்றிக் கூட்டம். தரையில் சங்கரா மீன் குவியல்.]

காசிமேட்டில் ஓர் அண்ணனும் தங்கையும் சேர்ந்து யூடியூப் சேனல் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை 7 மணிக்கு ஒரு வீடியோ வெளியாகும். முதல் பாதியில் துறைமுகத்து ஏலமும் அன்றைய மீன் விலையும். மறுபாதியில் வீட்டு அடுப்பில் அந்த மீன் குழம்பாகவோ வறுவலாகவோ மாறும். சேனலும் அதன் எண்களும் கணக்கை விளக்குவதற்காக நான் அமைத்தவை.

கடைசியாக வெளியான 11 வீடியோக்கள், வெளியான வரிசையிலேயே, முதல் 7 நாட்களில் பெற்ற பார்வைகள் இவை.

[திரையில் எண்கள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன: 4,200, 3,600, 5,100, 3,900, 61,000, 4,700, 2,800, 4,400, 3,300, 6,200, 4,000]

ஐந்தாவது வீடியோ எங்கேயோ போய்விட்டது. அதைக் கண்டுபிடிக்க யாருக்கும் கணக்குத் தேவையில்லை. சண்டை வருவது மற்ற எண்களில்தான். 6,200 வந்த வாரம் தங்கை சொல்கிறாள்: "அண்ணா, நெத்திலி வறுவல்தான் எடுபடுகிறது. இனி எல்லா வாரமும் வறுவலே செய்வோம்." அண்ணனுக்கு வேறு கவலை: "அது கிடக்கட்டும். சுறாப் புட்டு வீடியோ 2,800-இல் நின்றுவிட்டதே, அதைப் பார். இனிமேல் புட்டு வேண்டாம்." ஆளுக்கொரு வீடியோவைப் பிடித்துக்கொண்டு சேனலின் திசையையே மாற்றப் பார்க்கிறார்கள். இந்த இரண்டு எண்களுக்கும் அப்படி ஒரு பொருள் உண்டா என்பதுதான் கேள்வி.

முதலில் வழக்கமான அளவு எது என்று தெரிய வேண்டும். பலரும் சராசரி எடுப்பார்கள். பதினொன்றையும் கூட்டினால் 1,03,200. பதினொன்றால் வகுத்தால் ஏறத்தாழ 9,380. இந்த எண்ணை வைத்துப் பார்த்தால் 11 வீடியோக்களில் 10 தோல்வி! 6,200 பெற்ற வீடியோகூடத் தோல்விதான். பத்து சங்கராவோடு ஒரு பெரிய வஞ்சரத்தையும் தராசில் ஏற்றி, "ஒரு மீன் சராசரியாக இவ்வளவு எடை" என்று சொன்னால், அந்த எடையில் கூடைக்குள் ஒரு மீன்கூட இருக்காது. 9,380-உம் அப்படித்தான். இந்தச் சேனலில் எந்த வீடியோவும் அதன் பக்கத்தில்கூட இல்லை.

[திரையில்: எண்கள் சிறியதிலிருந்து பெரியதாக நகர்ந்து வரிசையாகின்றன. ஆறாவது எண் மஞ்சள் நிறமாகிறது.]

அதற்குப் பதிலாக எண்களை ஏறுவரிசையில் அடுக்குங்கள். 2,800, 3,300, 3,600, 3,900, 4,000, அடுத்து 4,200, அதன் பிறகு 4,400, 4,700, 5,100, 6,200, 61,000. நடுவில் நிற்பது ஆறாவது எண், 4,200. பள்ளிக்கூடத்தில் படித்த இடைநிலை அளவு இதுதான். வரிசையின் கடைசியில் நிற்கும் வீடியோ 61,000-க்குப் பதில் 6 லட்சம் பார்வை பெற்றிருந்தாலும் இடைநிலை அசையாது. சராசரியோ அரை லட்சத்தைத் தாண்டிப் போயிருக்கும்.

பதினொன்று என்ற எண்ணிக்கையில் மந்திரம் எதுவும் இல்லை. ஒற்றைப்படை என்பதால் நடு எண் ஒன்றுதான் இருக்கும். வாரம் ஒரு வீடியோ என்றால் இரண்டரை மாதத்தின் நிலவரம் கிடைக்கும். ஐந்தே வீடியோ எடுத்தால் ஆட்டம் அதிகம். ஐம்பது எடுத்தால், சேனல் வேறு மாதிரி இருந்த காலமும் உள்ளே நுழைந்துவிடும்.

கணக்கு சரியாக இருந்தும் முடிவு தவறிப்போகும் இடம் ஒன்று உண்டு: வயது. மூன்று மாதத்துக்கு முந்தைய வீடியோவின் மொத்தப் பார்வையையும், போன ஞாயிறு வெளியானதன் மொத்தப் பார்வையையும் ஒரே வரிசையில் வைத்தால், புதியது எப்போதும் மெலிந்தே தெரியும். ஆகவே எல்லா வீடியோவுக்கும் முதல் 7 நாள் எண்ணை மட்டும் எடுங்கள். அடுத்த ஞாயிறு காலை 7 மணிக்கு ஒரு தாளில் குறித்துவைத்தாலே போதும். ஷார்ட்ஸையும் இந்த வரிசையில் கலக்காதீர்கள். 2025 மார்ச் 31 முதல் யூடியூப், ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே அதை ஒரு பார்வையாக எண்ணுகிறது. எத்தனை நொடி பார்த்தார்கள் என்ற நிபந்தனை இல்லை. அந்த எண்ணும் நீள வீடியோவின் எண்ணும் ஒன்றல்ல.

[திரையில்: 4,200 என்ற கோடு. அதன் மேலும் கீழும் புள்ளிகள்.]

இப்போது சண்டைக்கு வருவோம். 6,200 என்பது 4,200-இன் ஒன்றரை மடங்குக்கும் சற்றுக் குறைவு. 2,800 என்பது 4,200-ஐ ஒன்றரையால் வகுத்த எண். கோட்டுக்கு மேலே ஒன்றரை மடங்கு, கீழேயும் அதே ஒன்றரை மடங்கு. அண்ணன் பயப்படும் அளவும் தங்கை மகிழும் அளவும் ஏறத்தாழ ஒன்றே.

கழித்துப் பார்க்காமல் மடங்கில் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. பார்வை எண்ணிக்கை கீழே பூஜ்யத்தோடு நின்றுவிடும். மேலே அதற்கு எல்லை கிடையாது. கழித்துப் பார்த்தால் ஏற்றம் எப்போதும் பெரிதாகவும் இறக்கம் எப்போதும் சிறிதாகவும் தெரியும்.

எத்தனை மடங்கு தாண்டினால் விதிவிலக்கு? அதையும் இதே 11 எண்களிடமே கேட்கலாம். ஒவ்வொரு வீடியோவும் 4,200-இலிருந்து எத்தனை மடங்கு விலகி நிற்கிறது என்று எழுதுங்கள். மேலா கீழா என்று பார்க்க வேண்டாம். 4,400-க்கு 1.05, 3,600-க்கு 1.17, 5,100-க்கு 1.21 என்று வரும். இந்த விலகல்களையும் வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்தால் 1.17. இந்தச் சேனலில் ஒரு சாதாரண வாரத்தின் ஆட்டம் அவ்வளவுதான். இதை 4.5 அடுக்குக்கு உயர்த்தினால் 2 கிடைக்கும்.

4.5 எங்கிருந்து வந்தது? மணி வடிவில் பரவிக் கிடக்கும் எண்களில் திட்ட விலக்கம் என்பது இந்த நடு விலகலைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மூன்று திட்ட விலக்கத்துக்கு வெளியே ஓர் எண் விழுவது மிக அரிது. ஒன்றரையை மூன்றால் பெருக்கினால் நாலரை. நாம் மடங்கில் பார்ப்பதால் அந்த நாலரை பெருக்கலாக இல்லாமல் அடுக்காக வருகிறது. கூகுள் ஷீட்ஸில் B2 முதல் B12 வரை எண்களை இட்டு இதை எழுதினால், மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

```
D1: =MEDIAN(B2:B12)
D2: =ARRAYFORMULA(EXP(MEDIAN(ABS(LN(B2:B12/D1)))))
D3: =D1*D2^4.5
D4: =D1/D2^4.5
```

D3-இல் சுமார் 8,400 வரும், D4-இல் சுமார் 2,100. இந்த இரண்டுக்கும் இடையில் விழும் எதுவும் இந்தச் சேனலுக்கு வழக்கமான ஏற்ற இறக்கமே. நெத்திலி வறுவலும் சுறாப் புட்டும் உள்ளேதான் இருக்கின்றன. இந்த ஒரு வீடியோவை வைத்துப் புட்டை நிறுத்தக் காரணம் இல்லை. நல்ல வேளை, சுறாப் புட்டை விட்டுக்கொடுக்க எனக்கும் மனம் இல்லை.

எல்லைக் கோட்டைக் கத்தி விளிம்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பதினொரு எண்ணிலிருந்து பிறந்த எல்லை அது; 1.9 மடங்குக்கும் 2.1 மடங்குக்கும் வேறுபாடு காட்டும் அளவுக்கு அதற்குக் கூர்மை கிடையாது. உங்கள் சேனலில் ஆட்டம் அதிகம் என்றால் எல்லை மூன்று, நான்கு மடங்குக்கும் போகும். பிறர் சொல்லும் எல்லையை வாங்கிப் பொருத்தினால் ஏமாற்றம்தான்.

[திரையில்: ஐந்தாவது வீடியோவின் முகப்புப் படம். பக்கத்தில் 14.5 மடங்கு.]

61,000-ஐப் பார்ப்போம். பதினான்கரை மடங்கு, சந்தேகமே இல்லாத விதிவிலக்கு. அது சேனலை மாற்றியதா? அதற்கு முன் வந்த நான்கு வீடியோக்களின் இடைநிலை 4,050. பின் வந்த ஆறின் இடைநிலை 4,200. வந்தவர்கள் பார்த்தார்கள், போய்விட்டார்கள். அனலிட்டிக்ஸில் பார்வைகள் எங்கிருந்து வந்தன என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். பெரும்பகுதி வாட்ஸ்அப் போன்ற வெளி இடங்களிலிருந்து வந்திருந்தால், யாரோ ஒரு குழுவில் பகிர்ந்தது பரவியிருக்கிறது. அதை நீங்களாக மறுபடி நடத்திக்காட்ட முடியாது. யூடியூபின் முகப்புப் பக்கமும் பரிந்துரைகளும் அனுப்பிய பார்வைகள் என்றால், தலைப்பையோ பொருளையோ ஆராய்வதில் பலன் உண்டு. அதே பொருளில் இன்னும் இரண்டு வீடியோ செய்து, அவையும் எல்லையைத் தாண்டுகின்றனவா என்று பார்க்கலாம்.

[திரையில்: கரையில் கட்டிக்கிடக்கும் விசைப்படகுகள். நாட்காட்டியில் ஏப்ரல் 15.]

இடைநிலை ஏமாற்றும் இடமும் உண்டு. அது காசிமேட்டில் ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகில் வரும் மீன்தான். ஏலத்தில் பழைய கூட்டம் இல்லை, பெரிய மீன் இல்லை, வீடியோவிலும் சுவாரசியம் குறைகிறது. அந்த ஒன்பது ஞாயிறுகளிலும் எண்கள் இறங்குகின்றன.

ஓரிரு மோசமான வாரங்கள் இடைநிலையை அசைக்காது. ஆனால் பதினொன்றில் ஆறு இறங்கிவிட்டால் நடு எண்ணும் அவற்றுக்குள்ளிருந்தே வரும். ஜூன் நடுவில் கடைசி 11-ஐ எடுத்தால், ஒன்பது தடைக்கால வீடியோ, இரண்டு பழையது. இடைநிலை 2,900 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தடை முடிந்து படகுகள் திரும்புகின்றன. துறைமுகத்தில் நிற்க இடமில்லை. அந்த ஞாயிறு வீடியோ 7,100 பார்வை பெறுகிறது. 2,900-உடன் ஒப்பிட்டால் ஏறத்தாழ இரண்டரை மடங்கு, விதிவிலக்கு என்று தாள் சொல்லும். தடைக்கு முந்தைய 4,200-உடன் ஒப்பிட்டால் 1.7 மடங்கு, 8,400 எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. இரண்டில் எதை நம்புவது? படகுகள் கடலுக்குப் போகும் காலத்து வீடியோவை, படகுகள் போன காலத்து வீடியோக்களோடுதான் ஒப்பிட வேண்டும். ஆகவே தடைக்கால வீடியோக்களுக்கு ஷீட்டில் தனிப் பத்தி போட்டு, அவற்றை இந்த வரிசையிலிருந்து நீக்கிவிடுங்கள். அடுத்த ஏப்ரலில் தடைக்காலத்து முதல் வீடியோ 2,700-இல் நின்றால், அதை ஒப்பிட வேண்டியது அந்தத் தனிப் பத்தியோடு.