கல்லடிப் பாலமும் என் பிடிவாதமும்

(மட்டக்களப்பில் நடந்த மாலைக் கூட்டமொன்றில் பேசியது)

பெரியோர்களே, பிள்ளைகளே,

போன மாரியில் வட்சப்பில் எனக்கொரு படம் வந்தது. இரும்புப் பாலம், கீழே அகன்ற தண்ணீர், கரையில் தென்னைகள், ஒரு ஆட்டோ, ஒரு கடை. பார்த்த மாத்திரத்தில் “இது நம்முடைய கல்லடிப் பாலம்” என்றேன். 1924இல் கட்டிய பாலம், நான் சைக்கிளில் போய்வந்த பாலம், எனக்குத் தெரியாதா?

பிறகு செய்ததெல்லாம் அந்த வாயைக் காப்பாற்றுகிற வேலைதான். தென்னை இருக்கிறது, சரி. வாவி மாதிரித் தண்ணீர், சரி. கடைப் பலகையில் வட்ட வட்டமாய் எழுத்து. சிங்களம், அதுவும் சரி. ஆனால் கல்லடியில் பழைய பாலத்தை ஒட்டியே 2013இல் புதுப் பாலம் திறந்தார்கள். படத்தில் அதைக் காணோம். “கோணத்தில் மறைந்திருக்கும்” என்றேன். ஆட்டோ கறுப்பு உடம்பும் மஞ்சள் கூரையும். நம்மூரில் சிவப்பு, நீலம், பச்சை என்றுதானே ஓடும்? “யாரோ பெயின்ட் அடித்திருப்பான்” என்றேன். ஒரே படத்துக்கு இரண்டாவது சாக்குச் சொல்லும்போதே நான் விழித்திருக்க வேண்டும்.

சிநேகிதர் ஒருவரிடம் காட்டினேன். எப்படிக் கேட்டேன் தெரியுமா? “கல்லடிப் பாலம்தானே?” அவரும் “ஓம், அதுதான்” என்றார். 1974இல் ட்வெர்ஸ்கி, கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் எழுதிய கட்டுரையில் இதைத்தான் காட்டினார்கள். ஒரு சக்கரத்தைச் சுழற்றி 10 விழுந்தவர்களிடம், ஐ.நா.வில் ஆபிரிக்க நாடுகள் எத்தனை வீதம் என்று கேட்டால் நடுவாக 25 என்றார்கள். 65 விழுந்தவர்கள் 45 என்றார்கள். சக்கரத்துக்கும் ஆபிரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனாலும் காதில் முதலில் விழுந்தது நங்கூரம் போட்டுவிடுகிறது. சிநேகிதருக்குச் சக்கரம் சுழற்றியது நான்.

படத்தை என் மருமகளிடம் பெயர் சொல்லாமல் கொடுத்தேன். “எந்த இடமாய் இருக்கலாம்? மூன்று ஊர் எழுது” என்றேன். மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், கேரளம் என்று எழுதினாள். அப்புறம் ஒவ்வொரு அடையாளத்துக்கும் ஒரே கேள்வி: இது மற்ற இரண்டு ஊரிலும் இருக்குமா? தென்னை மூன்றிலும் உண்டு, அடித்துவிட்டாள். தண்ணீரும் அப்படியே. நான் பெரிய சாட்சி என்று பிடித்துக்கொண்டிருந்தவை ஒன்றுக்கும் உதவாதவை. மிச்சம் ஆட்டோவும் பலகையும்.

பலகையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். “மாமா, கல்லடியில் தமிழே இல்லாத கடை எது?” என்றாள். நான் வாயடைத்துப் போனேன். சிங்களமும் மலையாளமும் மங்கிய படத்தில் ஒரே சாயல். இரண்டும் வளைந்த எழுத்து. உற்றுப் பார்த்தால் மலையாளம். ஆட்டோவின் நிறமும் அங்கேதான் பொருந்துகிறது. கோழிக்கோட்டுப் பக்கம் சாலியாற்றின் மேல் ஃபெரோக்கில் பழைய இரும்புப் பாலமொன்று உண்டு. அதன் படங்களோடு வளைவுகளையும் தூண்களையும் எண்ணி ஒப்பிட்டோம். பொருந்தியது.

இப்போது ஒரு படம் சுற்றிவரும். பக்கத்தில் இருப்பவர் வாய் திறக்குமுன் ஊரின் பெயரைத் தாளில் எழுதி மடித்து வையுங்கள். அது என் ஊர் என்று யாரும் சத்தமாய்ச் சொல்லிவிடாதீர்கள்.