வலியைப் பார்த்து நிறுத்தாதே, கடிகாரத்தைப் பார்த்து நிறுத்து

நேயர்களுக்கு வணக்கம். நீண்ட நாள் வலியோடு இருக்கும் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளிக்கும் உளவியலாளர் நான். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் தலைவலி, முதுகுவலி, வயிற்றுவலி, மூட்டுவலி என்று பிள்ளைகள் வருகிறார்கள். மருத்துவர் பார்த்திருப்பார், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் முடிந்திருக்கும். "பயப்படும்படி ஒன்றும் இல்லை" என்றும் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் வலி போகாது. அதன்பின் உளவியலாளரிடம் அனுப்பினால் தாய்க்குக் கோபம் வருகிறது. "என் பிள்ளை பொய் சொல்கிறாள் என்கிறீர்களா?" என்று கேட்கிறார்.

யாரும் பொய் சொல்லவில்லை. அந்த வலி உண்மை. அடிபட்ட இடம் ஆறிய பிறகும், வலிச் செய்தியைக் கடத்தும் நரம்புகளும் மூளையும் கூர்மை குறையாமல் இருந்துவிடுவதுண்டு. சாதாரணமாக உட்கார்வது, மாடிப்படி ஏறுவது போன்றவற்றுக்கும் அவை அபாயச் செய்தி அனுப்பத் தொடங்கிவிடும். அந்தக் கூர்மையைத் தணிக்க மாத்திரை மட்டும் போதாது. பிள்ளை ஒவ்வொரு நாளையும் எப்படிக் கழிக்கிறாள், எப்படித் தூங்குகிறாள் என்பவை அந்த நரம்பு மண்டலத்தை நேரடியாகப் பாதிக்கின்றன. உளவியல் சிகிச்சை கையை வைப்பது அங்கேதான்.

நம் மொரிஷியஸில் இதைக் கெடுக்க நாளின் அமைப்பே போதும். காலையில் பஸ் பிடித்துப் பள்ளிக்குப் போக வேண்டும். பள்ளி விட்டதும் டியூஷன். வீட்டுக்கு வந்தால் வீட்டுப்பாடம். வலி உள்ள பிள்ளை இந்த ஓட்டத்தில் இரண்டு விதமாகத்தான் இருக்கிறாள். உடம்பு கொஞ்சம் லேசாக இருக்கும் நாளில் விட்டுப்போனதையெல்லாம் ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்கிறாள். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிடுகிறாள். மாதக்கணக்கில் இப்படியே போனால், படுத்த நாட்கள் கூடிக்கொண்டே வரும். லேசான நாள் வந்தாலும் அவள் செய்யும் வேலை குறைந்துகொண்டே போகும்.

ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். நான் பார்த்த பல பிள்ளைகளின் விவரங்களைச் சேர்த்து, அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். வயது 15, கிரேடு 10, ரோஸ் ஹில் பக்கம் வீடு. எட்டு மாதமாக இடுப்பிலும் முதுகிலும் வலி. மருத்துவர் எல்லாம் பார்த்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வலி குறைவாக இருந்ததால் குடும்பத்தோடு ஃபிளிக்-ஆன்-ஃபிளாக் கடற்கரைக்குப் போய்ச் சாயங்காலம் வரை விளையாடினாள். அதற்குப் பிறகு புதன்கிழமை வரை பள்ளிக்குப் போகவில்லை. "இனிமேல் கடற்கரையே வேண்டாம்" என்று அப்பா முடிவு செய்துவிட்டார். எனக்குக் கடற்கரை தப்பாகத் தெரியவில்லை. எவ்வளவு நேரம் என்று யாரும் கணக்கு வைக்காததுதான் தப்பு.

முதல் வாரம் நாங்கள் எதையும் மாற்றவில்லை. எவ்வளவு நேரம் உட்கார்ந்து படிக்க முடிகிறது என்பதை மட்டும் தினமும் எழுதச் சொன்னேன். ஏழு நாளில் அவள் எழுதியது: 50, 20, 40, 15, 45, 10, 30 நிமிடங்கள். கூட்டினால் 210, சராசரி 30. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தோம், 24 நிமிடம் வந்தது. அதுதான் அவளுடைய தொடக்க அளவு. ரொம்ப மோசமான நாளில் முடிந்த 10 நிமிடத்தையும் எடுக்கவில்லை, நல்ல நாளில் முடிந்த 50 நிமிடத்தையும் எடுக்கவில்லை. பெரும்பாலான நாட்களில் எட்டக்கூடிய அளவு ஒன்று வேண்டும். கழித்த அந்தப் பங்கு அதற்காகத்தான்.

அடுத்து வருவதுதான் கடினமான பகுதி. 24 நிமிடத்துக்கு டைமர் வைக்க வேண்டும். மணி அடித்ததும், வலி இல்லாவிட்டாலும் எழுந்திருக்க வேண்டும். ஐந்து நிமிடம் நடக்கலாம், கையை உயர்த்தி நீட்டி மடக்கலாம். பிறகு இன்னொரு 24 நிமிடம் உட்காரலாம். மணி அடிப்பதற்கு முன்னால் வலி கொஞ்சம் கூடினாலும், முடிந்தவரை அந்த நேரத்தை முடித்துவிட்டு எழ வேண்டும். வலி வந்ததும் எழுந்து ஓய்வெடுத்தால், வலிதான் வேலையை நிறுத்தும் என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த தடவை அந்த வலி இன்னும் சீக்கிரம் வரும். நேரம் முடிந்ததால் எழுந்தால் அந்தப் பாடம் உருவாவதில்லை. அந்தப் பெண்ணுக்கு முதலில் எரிச்சல். "நல்லாத்தான் இருக்கேன், எதுக்கு நிறுத்தணும்?" என்று கேட்டாள். நல்லா இருக்கும்போது நிறுத்தினால்தான் நாளைக்கும் உட்கார முடியும் என்பதை அவள் நம்ப இரண்டு வாரம் ஆனது.

நடைக்கும் இதே கணக்குதான். தைப்பூசத்தன்று குடும்பத்தோடு காவடி ஊர்வலத்தில் நடந்து வர வேண்டும் என்பது அவளே சொன்ன ஆசை. அந்த இலக்கை நான் வைக்கவில்லை, தாயும் வைக்கவில்லை. அவளே வைத்ததால் அதற்காக உழைக்க ஒப்புக்கொண்டாள். நடைச் சராசரி 10 நிமிடம் வந்தது, 8 நிமிடத்தில் தொடங்கினோம். வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டினோம். படிப்பு நேரத்தில் வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது இரண்டு மூன்று நிமிடம். அதிகமாகக் கூட்டும் ஆசை பிள்ளைக்கு வரும், அப்பாவுக்கு அதைவிட அதிகமாக வரும். கூட்டக் கூடாது.

மோசமான நாள் வரத்தான் செய்யும். காய்ச்சலோ, மாதவிடாயோ, தேர்வோ வந்தால் வலி ஏறும். அந்த நாளுக்கு முன்கூட்டியே திட்டம் இருக்க வேண்டும்: அளவைப் பாதியாக்கு, பூஜ்யமாக்காதே. 24 நிமிடம் 12 ஆகும், 8 நிமிட நடை 4 ஆகும். ஓரிரண்டு நாளில் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். அந்தத் திட்டத்தை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினாள். வலி உச்சத்தில் இருக்கும்போது யோசிக்க முடியாது, படிக்கத்தான் முடியும்.

அளவு தப்பாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? தொடர்ந்து பல நாள் காலையில் வலி வழக்கத்தைவிட அதிகமாகவே இருந்தால், தொடக்க அளவு பெரிது, குறைக்க வேண்டும். மாறாக, மூன்று வாரமாக எண்கள் ஏறாமல் அப்படியே நின்றால், அல்லது மணி அடிக்கும் முன்பே ஒவ்வொரு தடவையும் நிறுத்தினால், அது வேலையை நேரக் கணக்கில் பங்கிட்டுச் செய்வதே இல்லை. அது பயத்தில் விலகுவது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஓய்வு எடுக்கிறாள் என்று வீட்டார் நினைப்பார்கள். அந்த விலகல் உடம்பைப் பலவீனமாக்கி வலியைக் கூட்டும் என்பதால், எண்கள் எழுதும் நோட்டுப் புத்தகத்தை நான் ஒவ்வொரு வாரமும் கேட்கிறேன்.

பள்ளியிடமும் பேச வேண்டியிருந்தது. ரெக்டருக்கு மருத்துவரும் நானும் ஒரு கடிதம் எழுதினோம். வகுப்பில் அவள் அவ்வப்போது எழுந்து பின்னால் நிற்க அனுமதி வேண்டும், முதல் இரண்டு வாரம் காலைப் பாடங்கள் மட்டும், பிறகு முழுநாள் என்று கேட்டோம். முழு ஓய்வு கேட்கவில்லை. பள்ளியை விட்டு விலகி இருக்கும் ஒவ்வொரு வாரமும் திரும்பிப் போவதைக் கடினமாக்குகிறது.

இப்போது தூக்கத்துக்கு வருகிறேன். சில பிள்ளைகளிடம் இதில்தான் முதலில் கை வைக்க வேண்டியிருக்கிறது. வலி தூக்கத்தைக் கெடுக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடும் என்பதே ஆய்வுகளில் இன்னும் பலமாகத் தெரிகிறது. இந்தப் பெண் பள்ளி விட்டு வந்ததும் மூன்றரை மணிக்குப் படுப்பாள், ஆறு மணிக்கு எழுவாள். இரவு ஒன்றரை மணி வரை விழிப்பு. பதின்ம வயதில் உடம்பின் கடிகாரமே இயல்பாகத் தாமதமாகிறது. பகல் தூக்கம் அதை இன்னும் தள்ளிவிடுகிறது. இந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். அவள் இரவில் பெற்றது ஐந்து.

முதலில் தூங்கப் போகும் நேரத்தை மாற்றவில்லை. எழும் நேரத்தை நிலைநிறுத்தினோம்: பள்ளி நாளில் ஆறு மணி, சனி ஞாயிறிலும் ஏழு மணிக்குள். எழுந்ததும் முற்றத்தில் வெளிச்சத்தில் நிற்க வேண்டும். பகல் தூக்கத்தை 20 நிமிடமாக்கி, நான்கு மணிக்கு முன் முடித்தோம். படுக்கையில் படிப்பதையும் சாப்பிடுவதையும் நிறுத்தினோம். பகலெல்லாம் கட்டிலில் கிடந்தால், கட்டிலைப் பார்த்ததும் உடம்புக்கு வலிதான் ஞாபகம் வரும், தூக்கம் வராது. அவர்கள் வீட்டில் தனியறை இல்லை, அதனால் ஹாலில் ஒரு நாற்காலியும் மெத்தையும் அவளுக்கென்று ஒதுக்கப்பட்டன. படுத்து, இருபது நிமிடம் ஆனது போலத் தோன்றியும் தூக்கம் வரவில்லை என்றால் (கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம்), எழுந்து அந்த நாற்காலியில் மங்கிய விளக்கில் உட்கார வேண்டும். தூக்கம் கண்ணைக் கட்டும்போது திரும்ப வேண்டும். போன் இரவில் சமையலறையில் சார்ஜாகும். அப்பாவின் போனும் அங்கேதான். அதுவரை பிள்ளை ஒப்புக்கொள்ளவில்லை.

தூக்கம் தானாகவே முன்னால் வரத் தொடங்கியதும் படுக்கும் நேரத்தை மூன்று நான்கு இரவுக்கு ஒரு தடவை 15 நிமிடம் முன்னகர்த்தினோம். முதல் பத்து நாள் மோசமாகத்தான் இருந்தது. பகலில் தள்ளாடினாள். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் தாய் நான்காம் நாளே பிள்ளையைப் படுக்க வைத்துவிடுவார்.

வீட்டில் மாற வேண்டிய ஒரு பழக்கமும் உண்டு. காலை எழுந்ததும் "வலி எப்படிம்மா?" என்று கேட்பது அன்புதான். ஆனால் அந்தக் கேள்வி பிள்ளையின் கவனத்தை உடம்புக்குள் திருப்பிவிடுகிறது. பாட்டியிடம் இதைச் சொல்லப் பல தடவை பேச வேண்டியிருந்தது. அவர் கேட்காமல் இருப்பது அன்பில்லாதது போல அவருக்குத் தோன்றியது. அவருக்கு வேறு கேள்வி கொடுத்தோம்: "இன்று டைமர் எத்தனை தடவை அடித்தது?" பிள்ளை தானாக வலியைச் சொன்னால் காதுகொடுத்துக் கேளுங்கள், ஒரு வரியில் ஒப்புக்கொள்ளுங்கள், பிறகு திட்டத்துக்குத் திரும்புங்கள்.

பன்னிரண்டு வாரம் கழித்து அவள் நோட்டில் படிப்புக்கு 50 நிமிடமும் நடைக்கு 20 நிமிடமும் இருந்தன. பள்ளிக்குப் போகாத நாட்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. வலி இருந்தது, முன்பைவிடக் கொஞ்சம் குறைவு. பெரும்பாலும் இந்த வரிசையில்தான் நடக்கிறது: முதலில் தூக்கம், பிறகு செய்யும் வேலை, கடைசியில் வலி. சிலருக்கு வலி பெரிதாகக் குறைவதே இல்லை, வாழ்க்கை மட்டும் விரிகிறது. முதல் மாதத்திலேயே வலி எண்ணை வைத்து வெற்றி தோல்வியை அளந்தால் பாதியில் விட்டுவிடுவீர்கள்.

இந்தத் திட்டம் மருத்துவர் பார்த்து முடித்த பிறகுதான். காய்ச்சல், எடை குறைதல், மூட்டு வீங்குதல், காலையில் நீண்ட நேரம் உடம்பு விறைத்துக் கிடப்பது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி ஆகியவை புதிதாக வந்தால் மறுபடி மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவமனைகளில் கட்டணமில்லை. கால் பலமிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, "இருந்து என்ன பயன்" என்று பிள்ளை சொன்னாலோ, அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றே அழைத்துப் போங்கள். அதுவரை பிள்ளையைத் தனியாக விடாதீர்கள்.