ஒரு பத்தியை ஐந்து வரியாக்குவது: ரப்பர் தேன் பாட்டிலுக்கு இணையக் கடை விவரம்

[திரை: போனில் தேன் பாட்டில் படம், அதன் கீழே நீளமான பத்தி]

மார்த்தாண்டம் பக்கம் தேன்பெட்டி வைத்திருப்பவர்கள் இணையக் கடையில் விவரம் எழுதும்போது அது பெரும்பாலும் இப்படித்தான் வரும். மாதிரிக்கு ஒன்றை வாசிக்கிறேன்.

"குமரி மண்ணில் மூன்று தலைமுறையாகத் தேனீ வளர்த்து வரும் எங்கள் குடும்பத்தினர் ரப்பர் தோட்டங்களில் பெட்டி வைத்து எடுத்து, வடிகட்டி, சர்க்கரைப்பாகு எதுவும் கலக்காமல் 500 கிராம் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்துத் தரும் இந்தத் தூய தேன், உறைந்தாலும் தரம் குறையாததோடு, சளி, சர்க்கரை நோய்க்குக் கைகண்ட மருந்தும் ஆகும்."

எல்லா விவரமும் இதில் இருக்கிறது. ஆனால் சென்னையில் பஸ்ஸில் நின்றுகொண்டு போனைத் தள்ளிப் பார்ப்பவருக்கு எதுவும் கண்ணில் படாது. அவர் ஒவ்வொரு வரியிலும் முதல் இரண்டு, மூன்று சொற்களைத்தான் பார்ப்பார். நாம் எழுதும்போது விஷயம் வாக்கியத்தின் கடைசியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதைத் தூக்கி முன்னால் வைப்பதுதான் இங்கே வேலை.

[திரை: பத்தியில் சில சொற்கள் மஞ்சளாகின்றன]

முதலில், வாங்குபவர் கேட்கும் கேள்விக்குப் பதிலாக இருக்கும் சொற்களுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள். என்ன தேன்? ரப்பர். எவ்வளவு? 500 கிராம். கலப்படம்? இல்லை. உறையுமா? உறையும். "மூன்று தலைமுறை" நல்ல விஷயம்தான், ஆனால் எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை. அது கீழே கடை அறிமுகத்துக்குப் போகட்டும்.

[திரை: "கைகண்ட மருந்து" சிவப்பில் அடிக்கப்படுகிறது]

இதை மட்டும் எங்கேயும் வைக்காதீர்கள், எடுத்துவிடுங்கள். உணவுப் பொருளைச் சர்க்கரை நோய்க்கு மருந்து என்று விளம்பரம் செய்ய முடியாது. தவறான விளம்பரத்துக்கு 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம், தேனில் பெரும்பகுதி சர்க்கரைதான். அதை நம்பி ஒரு நோயாளி தினமும் குடித்தால் பாதிப்பு அவருக்கு.

சரி, இனி ஒவ்வொரு வரியாக எழுதுவோம்.

ரப்பர் தேன் என்றால் நம் ஊரில் விளக்கம் வேண்டாம். வெளியூர்க்காரர் ரப்பர் வாடை அடிக்குமோ என்று யோசிப்பார். இந்தத் தேன் பூவிலிருந்து வருவதில்லை. இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும் மாதங்களில், இலைக்காம்பின் நுனியில் சுரக்கும் இனிப்பு நீரைத் தேனீ எடுக்கிறது. மரத்தின் பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதை ஒரே வரியில் சொல்லிவிட்டால் அந்தத் தயக்கம் போய்விடும்.

எடையிலும் ஒரு சிக்கல் உண்டு. தேன் தண்ணீரைவிட அடர்த்தி அதிகம். 500 கிராம் தேன் ஏறக்குறைய 350 மில்லி பாட்டிலிலேயே அடங்கிவிடும். அரை லிட்டர் வரும் என்று நினைத்தவர் பாட்டிலைப் பார்த்ததும் ஏமாந்ததாக நினைப்பார். அதனால் இரண்டையும் எழுதுங்கள்.

அடுத்து உறைதல். இந்த வரிக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். ரப்பர் தேன் சீக்கிரம் உறையும், அடியில் வெள்ளையாகக் கட்டி தட்டும். அதைப் பார்த்தவுடன் "சர்க்கரை கலந்திருக்கிறார்கள்" என்று பாட்டில் திரும்பி வரும். "உறைந்தாலும் தரம் குறையாது" என்பது சமாதானம் சொல்வது போல இருக்கிறது, அவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. என்ன ஆகும், ஏன் ஆகும், எப்படிச் சரிசெய்வது, மூன்றும் அந்த வரியில் வர வேண்டும்.

[திரை: புதிய விவரம், வரி வரியாக]

• ரப்பர் தோட்டத் தேன்: இளந்தளிர் சுரக்கும் இனிப்பு நீரிலிருந்து தேனீ சேர்த்தது, ரப்பர் வாடை இருக்காது
• 500 கிராம், கண்ணாடிப் பாட்டில் (அளவில் சுமார் 350 மில்லி)
• சர்க்கரைப்பாகு சேர்க்காதது, வடிகட்டியது
• உறைவது இயல்பு: தேனிலுள்ள குளுக்கோஸ் கட்டியாகும். மூடியைத் தளர்த்தி, கை பொறுக்கும் சூடுள்ள நீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும்
• ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது

கடைசி வரி பழைய பத்தியில் இல்லை. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக் குழந்தைக்கு ஆபத்து, அதனால் சேர்த்தேன்.

வரிசையையும் கவனியுங்கள். வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வைப்பது மேலே, வீட்டுக்கு வந்தபின் தேவைப்படுவது கீழே. ஒரு வரியில் இரண்டு விஷயத்தைத் திணிக்காதீர்கள். எடையையும் கலப்படத்தையும் சேர்த்து எழுதினால் பின்னால் வருவது தெரியாமல் போகும். வரி எட்டு, ஒன்பது என்று நீண்டால் அதுவும் மறுபடி பத்திதான்.

[திரை: ஒருவர் போனைத் தள்ளிப் பார்க்கிறார்]

போடுவதற்கு முன், தேனைப் பற்றி அதிகம் தெரியாத ஒருவரிடம் போனைக் கொடுங்கள். ஒருமுறை தள்ளிப் பார்த்ததும் வாங்கிவிடுங்கள். எவ்வளவு எடை, கட்டியானால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பதில் வராத வரியில் விஷயம் இன்னும் பின்னால்தான் இருக்கிறது. அந்த வரியை மட்டும் திருப்பி எழுதுங்கள்.