கடல் தாண்டும் ரேகை

நேயர்களுக்கு வணக்கம். பக்கத்தில் விளக்கு இருந்தால் வலது கையை அதன் கீழே பிடியுங்கள். சுண்டுவிரலுக்குக் கீழே, உள்ளங்கையின் வெளி ஓரத்தைப் பாருங்கள். மேலே, விரல்களுக்குக் கீழே குறுக்காக ஓடும் இருதய ரேகைக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் ஒன்றிரண்டு சிறு கோடுகள் இருக்கும். அவை திருமண ரேகைகள். அவற்றைப் பயண ரேகை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டவர்கள் நிறையப் பேர். பயண ரேகை அதற்கும் கீழே, மணிக்கட்டுக்குச் சற்று மேலே உள்ள சதைப்பற்றான பகுதியில், ஓரத்திலிருந்து உள்நோக்கி வரும். அந்த இடத்துக்குச் சந்திர மேடு என்று பெயர்.

பயணத்துக்கு ஏன் சந்திரன்? சந்திரன் நீருக்குரிய கிரகம். அயர்லாந்துக்காரரான கைரேகை நிபுணர் கீரோ 1894இல் கைரேகை நூல் வெளியிட்ட காலத்தில் வெளிநாடு என்றால் கப்பல்தான். அதனால் நீளமான, அழுத்தமான கோட்டைக் கடற்பயணம் என்று படித்தார்கள். இன்று அதே கோட்டை நாங்கள் விசா என்று படிக்கிறோம்!

நான் தொழில்முறை ஜோசியன் இல்லை. தாய்மாமாவிடம் கற்றுக்கொண்டு, தெரிந்தவர்களுக்கு மட்டும் பார்ப்பவன். மேற்படிப்புக்கு வெளிநாடு போகும் பிள்ளைகளின் கையைப் பார்க்கும்போது எனக்கு இரண்டு கேள்விகள் காதில் விழும். பிள்ளை கேட்பது, "போவேனா?" கூட வந்த அப்பா கேட்காமல் கேட்பது, "திரும்பி வருவாளா?" கையில் இந்த இரண்டுக்கும் இடம் வேறு வேறு.

போவது சந்திர மேட்டில். தங்குவது ஆயுள் ரேகையில். கட்டைவிரலைச் சுற்றி வளைந்து இறங்கும் ஆயுள் ரேகை கீழே இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை கட்டைவிரலின் அடியில் உள்ள சுக்கிர மேட்டைச் சுற்றி வழக்கம்போலப் போக, இன்னொன்று சந்திர மேட்டின் அடிப்பக்கம் நோக்கி விலகினால், பிறந்த மண்ணை விட்டு வேறு இடத்தில் குடியமர்வார் என்பது பழைய பாடம். விலகும் கிளை மெலிந்திருந்தால் போய்த் திரும்புவார், மூலக் கோட்டைவிடத் தடித்திருந்தால் அங்கேயே வேர் விடுவார் என்பார் மாமா. எந்த வயதில் என்பதற்கு, ஆயுள் ரேகையின் முழு நீளத்தை 70 ஆண்டு என்று வைத்துப் பிரிப்போம். நடுவில் கிளை விட்டால் முப்பத்தைந்தை ஒட்டி. ஆனால் கோடு அங்கே வளைகிறதே, ஒரு நூல் தள்ளி வைத்தாலே வருஷக் கணக்கு மாறிவிடும். "இருபத்து மூன்றாம் வயதில் கிளம்புவாய்" என்று துல்லியமாகச் சொல்பவரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

ஒரு பெண்ணின் கையைச் சொல்கிறேன். பி.இ. முடித்தவள், ஜெர்மனியில் முதுகலைக்கு முயன்றுகொண்டிருந்தாள். இடது கையில் பயண ரேகை மங்கலாக இருந்தது. வலது கையில் தெளிவாக நீண்டது. இடது பிறவிக் கை, வலது நாமே உருவாக்கிக்கொள்ளும் கை என்று வைத்துக்கொண்டால், முயற்சியால் போவாள் என்று பொருள். பெண்ணுக்கு இடது கையைத்தான் பார்க்க வேண்டும் என்பவர்கள் உண்டு. அவர்களிடம் போயிருந்தால் அன்றைக்கே பலன் மாறியிருக்கும். சரி, நான் வலதை எடுத்தேன். லென்ஸில் பார்த்தால் அந்தக் கோட்டின் நடுவில் மெல்லிய குறுக்குவெட்டு. "ஒரு தடங்கல் தெரிகிறது" என்று சொல்லிவிட்டேன்.

அங்கேதான் தப்புப் பண்ணினேன். தடங்கலா, அப்படியானால் கொஞ்சம் பொறுப்போம் என்று அப்பா பணம் கட்டுவதைத் தள்ளினார். அவள் எடுத்த படிப்பு அக்டோபரில் மட்டும் தொடங்குவது, விண்ணப்பம் ஜூலை 15க்குள் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஒரு வருஷம் வீண். கை சொன்ன தடங்கலா அது, நான் உண்டாக்கிய தடங்கலா?

உள்ளங்கையின் பெரிய மடிப்புகள் தாயின் வயிற்றிலேயே, மூன்றாம் மாத வாக்கில், கை மடங்கும் இடங்களில் உருவாகிவிடுகின்றன. கைக்குள் ஜூலை 15 எழுதியிருக்காது. ஓரத்துச் சிறு கோடுகளோ கிட்டத்தட்ட எல்லார் கையிலும் ஒன்றிரண்டு உண்டு. ஊரைத் தாண்டாத என் பாட்டியின் கையில் நான்கு இருந்தன. அதனால் இப்போதெல்லாம் யாராவது கையை நீட்டினால், "அட்மிஷன் கடிதம் வந்ததா? கடைசித் தேதி என்ன?" என்று கேட்டுவிட்டுத்தான் லென்ஸை எடுக்கிறேன். தேதி நெருங்கியிருந்தால் பார்க்கவே மாட்டேன்.

அந்தப் பெண் மறு வருஷம் போய்விட்டாள். போன தீபாவளிக்குத் தன் வலது கையைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். குறுக்குவெட்டு அப்படியே இருக்கிறது. அவள் அப்பா படத்தைப் பெரிதாக்கி, ஆயுள் ரேகையின் அடியில் விரலை வைத்துக் கேட்கிறார், "ஐயா, இந்தக் கிளை முன்னாடி இவ்வளவு தடிமனாவா இருந்தது?"