எந்தக் கேள்வியில் கதவு மூடியது?

நண்பர்களே, நேர்காணலில் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டு வருபவர்களிடம் நான் முதலில் ரெஸ்யூமைக் கேட்பதில்லை. எந்தச் சுற்றில் வெளியே அனுப்பினார்கள் என்றுதான் கேட்பேன். அழைப்பே வரவில்லை என்றால் ரெஸ்யூமின் முதல் அரைப் பக்கத்தில் கோளாறு இருக்கலாம். தொழில்நுட்பச் சுற்றில் என்றால், இன்னும் படிக்க வேண்டும். அந்தச் சுற்றைத் தாண்டி, மேலாளர் சுற்றிலேயே ஒவ்வொரு முறையும் போகிறதென்றால், குறை வேறு இடத்தில்.

கிடங்கில் ஆறு வருடம் வேலை பார்த்த ஒரு பெண் என்னிடம் வந்தார். ஐந்து நேர்காணல், ஐந்தும் மேலாளர் சுற்றில் முடிந்தன. ஒவ்வொன்றிலும் பேச்சு சுரத்து இழந்ததற்குச் சற்று முன் கேட்ட கேள்வியை எழுதச் சொன்னேன். ஞாபகம் இருந்தவை நான்கு. அதில் மூன்று ஒரே கேள்வி: "சரி, இதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?"

ரெஸ்யூமைத் திறந்தால் காரணம் தெரிந்துவிட்டது. "சரக்கு மேலாண்மையில் குழுவுடன் இணைந்து பணியாற்றினேன்" என்று இருந்தது. நேரிலும் "நாங்கள் சரிசெய்தோம்" என்றே பேசினார். அடக்கமான மனுஷி. ஆனால் எதிரில் இருப்பவருக்கு அவர் எங்கே நின்றார் என்பதே தெரியவில்லை.

அப்புறம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினோம். மாதக் கடைசியில் சரக்கை எண்ணினால் கணினிக் கணக்கோடு ஒத்துப்போகாதாம். திரும்பி வரும் சரக்கு பதிவாகும் முன்பே அடுக்கில் ஏறிவிடுவதுதான் காரணம் என்று கண்டுபிடித்தவர் அவர்தான். அதை ஒரு வரிகூட எழுதவில்லை! இப்படி மாற்றினோம்: "திரும்பி வரும் சரக்கால்தான் கணக்கு பிசகுகிறது என்று கண்டறிந்து, அதற்குத் தனி அடுக்கு ஒதுக்கி, அன்றன்றே பதியும் முறையைக் கொண்டுவந்தேன். ஒத்துப்போகாத பொருட்கள் மாதம் 40-லிருந்து 9 ஆகக் குறைந்தன."

மென்பொருளில் அதற்கான திரையைச் செய்தவர் வேறொருவர். அதையும் தன் கணக்கில் சேர்க்கவா என்று கேட்டார். வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். அடுத்த இரண்டு கேள்விகளுக்கு ஈடுகொடுக்க முடியாத வரி ரெஸ்யூமில் இருக்கக் கூடாது. அந்த 40-ஐயும் 9-ஐயும் எந்த அறிக்கையிலிருந்து எடுத்தார் என்பதையும் சொல்லிப் பார்க்க வைத்தேன்.

திருத்தம் பலித்ததா என்பதை, வேலை கிடைத்ததா என்பதை மட்டும் வைத்து அளக்காதீர்கள். கேள்வி மாறியதா என்று பாருங்கள். அடுத்த நேர்காணலில் சம்பளம் ஒத்துவராமல் அவருக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. ஆனால் அங்கே மேலாளர் "நீங்கள் என்ன செய்தீர்கள்" என்று கேட்கவே இல்லை. "தனி அடுக்குக்கு இடத்தை எங்கிருந்து பிடித்தீர்கள்?" என்று கேட்டாராம். கால் மணி நேரம் அதைப் பற்றியே பேசியிருக்கிறார்கள்.