‘பரவாயில்லை’ என்ற ஒரு சொல் கெடுத்த படிவம்

வணக்கம் நண்பர்களே. போன காணொளியில் விருந்தினர் கருத்துப் படிவத்தை முடித்துவிட்டதாகப் பெருமையாகச் சொல்லியிருந்தேன். அது முடியவில்லை. இரண்டு வாரங்களாக என் தூக்கத்தைக் கெடுத்தது அந்தப் படிவத்தில் இருந்த ஒரே ஒரு சொல்.

விடுதி நடத்தும் நண்பர் ஒருவருக்காக ஆங்கிலத்தில் எழுதி, தமிழிலும் பிரெஞ்சிலும் மொழிபெயர்க்கச் செய்த படிவம் அது. நான் முதலில் எழுதிய கேள்வியைக் கேட்டால் சிரிப்பீர்கள்: ‘எங்கள் அன்பான பணியாளர்களின் சேவையும் அறையின் தூய்மையும் உங்களுக்கு எவ்வளவு பிடித்திருந்தன?’ பணியாளர்கள் அன்பானவர்கள் என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிட்டோம். சேவை நன்றாகவும் அறை அழுக்காகவும் இருந்தால் விருந்தினர் எதைக் குறிப்பார்? ‘எவ்வளவு பிடித்தது’ என்பதிலேயே பிடித்தது என்ற முடிவு ஒளிந்திருக்கிறது. ஆகவே அதை இரண்டாக உடைத்து, ‘நீங்கள் வந்தபோது அறையின் தூய்மை எப்படி இருந்தது?’ என்று மாற்றினேன். ‘எப்படி இருந்தது’ எந்தப் பக்கமும் சாயாத, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி வடிவம்.

கேள்வி சரியாகிவிட்டது. சிக்கல் விடைகளில் இருந்தது. ஆங்கிலத்தில் நான் வைத்திருந்த ஐந்து படிகள் எக்ஸலண்ட், வெரி குட், குட், ஃபேர், புவர். தமிழில் அவை ‘மிகச் சிறப்பு, மிக நன்று, நன்று, பரவாயில்லை, மோசம்’ ஆயின. ஐந்தில் மூன்று பாராட்டு என்பதால், ஃபேர் என்பது நடுவில் அல்ல, நான்காம் இடத்தில் நிற்கிறது. கணக்கில் அது குறையாகவே பதிவாகும். ஆனால் நம்மவர்கள் ஓர் அறையைப் பார்த்து ‘பரவாயில்லையே!’ என்றால் அது பாராட்டு. தமிழ்ப் படிவங்களில் பாதிக்கும் மேல் அந்தக் கட்டத்தில் குறியிடப்பட்டிருந்தன. நண்பரோ அறையைத் துடைப்பவரை அழைத்து விசாரிக்கவே கிளம்பிவிட்டார்.

இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன்: ஒவ்வொரு படிவத்தின் மூலையிலும் அது எந்த மொழிப் படிவம் என்று ஒரு குறியீடு அச்சிட்டிருந்தோம். அது இல்லாமல் எல்லா விடைகளையும் ஒன்றாகக் கூட்டியிருந்தால், தமிழில் மட்டும் நான்காம் படி வீங்கியிருப்பது தெரிந்தே இருக்காது.

எனக்கு எரிச்சல் என்னவென்றால், நான் மறுமொழிபெயர்ப்புச் சோதனையும் செய்திருந்தேன். தமிழ்ப் படிவத்தை, மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தோம். அவர் ‘பரவாயில்லை’ என்பதை ஃபேர் என்றே எழுதினார். திறமையான மொழிபெயர்ப்பாளர் மூலத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்துச் சரிசெய்துவிடுகிறார்; அதனால் சோதனை வெற்றி, படிவம் தோல்வி. பிழையைக் காட்டியது வேறொரு சிறிய வேலை. மூன்று விருந்தினர்களிடம் படிவத்தைக் கொடுத்து, ‘இதைக் குறித்தபோது என்ன நினைத்தீர்கள்?’ என்று மட்டும் கேட்டோம். ஒரு பெரியவர், “அறை நன்றாகத்தானே இருந்தது, அதைத்தான் சொன்னேன்” என்றார். எனக்கு முகம் வெளுத்துவிட்டது. பிரெஞ்சுப் படிவத்தில் இருந்த ‘பா மால்’ என்பதும் அதே ரகம். சொல்லுக்குச் சொல் ‘மோசமில்லை’, பேச்சில் பெரும்பாலும் ‘நன்றாகவே இருக்கிறது’.

தமிழுக்கு மட்டும் வேறு சொல் தேடுவதே என் முதல் எண்ணம். ‘சுமார்’ என்று போடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். நீங்களும் கேட்பீர்கள் என்று தெரியும். அது வேலைக்காகாது, ஏனெனில் பிரெஞ்சில் அதே பள்ளம் காத்திருக்கிறது. மாற்ற வேண்டியது மூலத்தையே. ஆகவே ஆங்கிலத்திலும் ஃபேரைத் தூக்கிவிட்டு, கேள்வி கேட்கும் பண்பையே படிகளாக வைத்தோம்: ‘மிகவும் தூய்மை, தூய்மை, ஓரளவு தூய்மை, அழுக்கு, மிகவும் அழுக்கு’. இரு முனைகளும் எதிரெதிரானவை. எந்த மொழியிலும் அழுக்குக்குச் சொல் உண்டு. ‘ஓரளவு’ மட்டும் இன்னும் என்னை உறுத்துகிறது, அதையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிச் சோதிக்கப் போகிறோம். ‘கவனிக்கவில்லை’ என்ற கட்டத்தைத் தனியாக ஒதுக்கினோம், இல்லையென்றால் கவனிக்காதவர்கள் நடுப்படியில் ஒதுங்கிவிடுவார்கள்.

சிரிக்கும் முகங்களைப் போட்டுவிடலாமே என்று கருத்துப் பகுதியில் எழுதுபவர்களுக்கு: மாட்டேன். நடுவில் இருக்கும் அந்த நேர்க்கோட்டு வாய், ‘பரவாயில்லை’யைவிடக் குழப்பமானது.

அடுத்து அரபிப் படிவம். வலமிருந்து இடமாகப் படிக்கும் மொழி என்பதால் படிகளின் வரிசையும் வலப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். அச்சுக்காரர் எழுத்தை மட்டும் திருப்பிவிட்டுக் கட்டங்களைப் பழையபடியே விட்டிருக்கிறார். ‘மிகவும் தூய்மை’க்கு நேரே ‘மிகவும் அழுக்கு’க் கட்டம் நிற்கிறது. நாளை காலை மறுபடியும் அவரிடம் போகிறேன்.